பாத்திரம் விழுகிறது, அவள் திரும்புகிறாள்: 72 ஃப்ரேமை எக்ஸ்-ஷீட்டிலும் ஆனியன் ஸ்கின்னிலும் திட்டமிடுவது

கையால் வரையும் அனிமேஷனில் ஓர் அசைவு எவ்வளவு வேகமாகத் தெரியும் என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன. அடுத்தடுத்த ஓவியங்களுக்கு இடையே உருவம் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பது ஒன்று. ஒவ்வோர் ஓவியமும் எத்தனை ஃப்ரேம் திரையில் நிற்கிறது என்பது மற்றொன்று. ஆனியன் ஸ்கின் தூரத்தை மட்டும்தான் காட்டும். முந்தைய ஓவியமும் அடுத்த ஓவியமும் மங்கலாகத் தெரியும். அவை இரண்டு ஃப்ரேம் நிற்கின்றனவா, இருபதா என்று அதில் தெரியாது. எக்ஸ்-ஷீட் எனப்படும் எக்ஸ்போஷர் ஷீட் நேரத்தை மட்டும்தான் சொல்லும். அதில் இருப்பது வெறும் எண்கள். மூக்கு நுனி எங்கிருந்து எங்கே போனது என்று அதற்குத் தெரியாது. "வரைந்தபோது நன்றாக இருந்தது, ஓட்டிப் பார்த்தால் வெட்டி இழுக்கிறது" என்ற புலம்பல் பெரும்பாலும் இவற்றில் ஒன்றை மட்டும் பார்த்து வேலை செய்ததால் வருவது.

ஒரே ஒரு ஷாட்டை எடுத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம். ஒரு பெண் குனிந்து புத்தகம் படிக்கிறாள். அடுப்படியில் பாத்திரம் விழும் சத்தம். தலையைத் திருப்பி "அம்மா?" என்கிறாள். நொடிக்கு 24 ஃப்ரேம், மொத்தம் 3 நொடி, ஆக 72 ஃப்ரேம்.

முதலில் தாள், பிறகு பென்சில்

எக்ஸ்-ஷீட் மேலிருந்து கீழே படிக்கப்படுவது. ஒவ்வொரு வரியும் ஒரு ஃப்ரேம், ஒவ்வொரு பத்தியும் ஒரு லேயர். ஓரத்தில் நடிப்புக் குறிப்புக்கு ஒரு பத்தி, ஒலிக்கு ஒரு பத்தி, கடைசியில் கேமராவுக்கு ஒன்று. அமெரிக்க முறைத் தாள்களில் 16 ஃப்ரேமுக்கு ஒரு தடித்த கோடு இருக்கும். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃப்ரேம் என்பதால் வந்த பழக்கம் அது. ஜப்பானியத் தாளில் பொதுவாக ஒரு பக்கத்துக்கு 6 நொடி, அதாவது 144 ஃப்ரேம், மூன்று மூன்று நொடியாக இரு பாதிகளில் இருக்கும். ஓப்பன்டூன்ஸ் மென்பொருளில் இதே செங்குத்துத் தாள் திரையிலேயே கிடைக்கிறது. கிரிட்டாவில் கிடைமட்ட டைம்லைன்தான் உண்டு. அதில் வேலை செய்பவர்கள் பக்கத்தில் ஒரு காகிதத் தாளையோ ஸ்ப்ரெட்ஷீட்டையோ வைத்துக்கொள்வது நல்லது.

இந்த ஷாட்டுக்கு மூன்று லேயர் போதும்: உடல், தலை, வாய். கண்கள் தலையோடு சேர்த்து வரையப்படுகின்றன.

தாளில் முதலில் நிரப்ப வேண்டியது ஒலிப் பத்தி. ஒலியை மட்டும் நம் விருப்பப்படி நீட்டவோ சுருக்கவோ முடியாது, மற்றதெல்லாம் அதற்கேற்ப வளையும். பாத்திரம் விழும் ஓசை 13-ஆம் ஃப்ரேமில். "அம்மா?" 37-ஆம் ஃப்ரேமில் தொடங்குகிறது. ஒலிக்கோப்பை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திக் கேட்டால் 'அ' 37 முதல் 39 வரை, 'ம்ம்' 40 முதல் 44 வரை, இழுத்துச் சொல்லும் 'மா' 45 முதல் 56 வரை வருகிறது. எண்ணும்போது ஒரு சின்ன எச்சரிக்கை: 40 முதல் 44 வரை என்றால் ஐந்து ஃப்ரேம், நான்கு அல்ல. கழித்துவிட்டு ஒன்று கூட்ட மறப்பதுதான் தாளில் அதிகம் நடக்கும் பிழை. பத்து இடத்தில் மறந்தால் ஷாட்டின் கடைசியில் பத்து ஃப்ரேம் எங்கே போனதென்று தேட வேண்டியிருக்கும்.

அடுத்து நடிப்பு. யாராவது ஒருவர் உட்கார்ந்து இதை நடித்துக் காட்ட, ஸ்டாப்வாட்சில் நேரம் எடுக்கலாம். செல்போனில் படம் எடுத்தால் அது பெரும்பாலும் நொடிக்கு 30 ஃப்ரேமில் பதிவாகும். அதன் ஃப்ரேம் எண்ணை 0.8-ஆல் பெருக்கினால்தான் 24-க்கான எண் வரும். இந்தப் பெருக்கலை விட்டுவிட்டால் எல்லா அசைவும் கால் பங்கு கூடுதல் நேரம் எடுக்கும். சில செல்போன்கள் ஃப்ரேம் வேகத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் என்பதால், எடிட்டிங் மென்பொருளில் நிலையான 24-க்கு மாற்றிவிட்டு எண்ணுவது பாதுகாப்பு.

சத்தம் கேட்டதும் அதே ஃப்ரேமில் தலை அசைந்தால், அவளுக்கு முன்கூட்டியே தெரியும் என்பதுபோல் இருக்கும். காதில் விழுந்து உடம்பு பதில் கொடுக்க 4 முதல் 6 ஃப்ரேம் விடலாம். இங்கே 4 விட்டு, 17-இல் அசைவு தொடங்குகிறது. 17 என்பதில் இன்னொரு வசதியும் உண்டு. ஓர் ஓவியத்தை இரண்டு ஃப்ரேம் நிறுத்தும் 'டூஸ்' முறையில் ஒற்றைப்படை எண்களில் ஓவியம் மாறும். எல்லா லேயரும் ஒரே தாளத்தில் மாற அது உதவும்.

தலைப் பத்தி இப்படி அமைகிறது:

| ஃப்ரேம் | தலை ஓவியம் | நிலை |
|---|---|---|
| 1–16 | 1 | குனிந்து படிக்கிறாள் |
| 17–18 | 2 | இமை பாதி இறங்குகிறது |
| 19–22 | 3 | இமை மூடி, தலை இன்னும் சற்றுத் தாழ்கிறது |
| 23–24 | 4 | திரும்பத் தொடங்குகிறாள் |
| 25 | 5 | பிரேக்டவுன், வளைவின் அடிப்பகுதி |
| 26 | 6 | இமை திறக்கிறது |
| 27–28 | 7 | நிற்க வேண்டிய இடத்தைச் சற்றுத் தாண்டிவிட்டாள் |
| 29–30 | 8 | திரும்பி வருகிறாள் |
| 31–62 | 9 | நின்றுவிட்டாள் |

இதில் 1, 3, 7, 9 ஆகியவை கீ, அதாவது அசைவின் முக்கிய நிலைகள். 5 பிரேக்டவுன், இரு கீக்களுக்கு இடையே அசைவு எந்த வழியாகப் போகும் என்று தீர்மானிக்கும் ஓவியம். 2, 4, 6, 8 இடை ஓவியங்கள். தாளில் கீ எண்ணைச் சுற்றி வட்டம், பிரேக்டவுனுக்கு அடிக்கோடு என்று ஏதாவது ஒரு குறி வைத்துக்கொண்டால், எதை முதலில் வரைய வேண்டும் என்பது பார்த்ததும் தெரியும். வரையும் வரிசையும் அதுதான்: 1, 3, 7, 9 முதலில், பிறகு 5, இடை ஓவியங்கள் கடைசியில்.

3-ஆம் ஓவியத்துக்கு நான்கு ஃப்ரேம் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். திரும்புவதற்கு முன் வரும் முன்னசைவு அது. இரண்டு ஃப்ரேம் மட்டும் கொடுத்தால் கண்ணில் படாமலே போய்விடும், எட்டு கொடுத்தால் தூங்கி விழுவதுபோல் தெரியும். இமை மூடியபடி திரும்பி 6-இல் திறப்பதால், பார்வை போகும் வேகம் தலையின் வேகத்தோடு இணைந்துவிடுகிறது.

கீக்கள் வரைந்ததும் ஒருமுறை ஓட்டுங்கள்

1, 3, 7, 9 என்ற நான்கு ஓவியங்களையும் தாளில் சொன்ன ஃப்ரேம்களில் வைத்து, இடைவெளியில் முந்தைய கீயையே நீட்டி வைத்து ஓட்டிப் பாருங்கள். அசைவு குதித்துக் குதித்துத்தான் போகும், பரவாயில்லை. ஆனால் சத்தத்துக்கும் திரும்பலுக்கும் வசனத்துக்கும் இடையிலான மூச்சு சரியாக இருக்கிறதா என்று இப்போதே தெரிந்துவிடும். இங்கே சரியில்லை என்றால் இடை ஓவியங்கள் அதைக் காப்பாற்றாது. அந்த நேரத்தில் மாற்ற வேண்டியது எண்களை மட்டும்தான், ஒரு கோடுகூட அழிக்க வேண்டாம்.

ஆனியன் ஸ்கின்னைத் திறக்கும்போது

5-ஆம் ஓவியத்தை வரையும்போது 3-உம் 7-உம் மட்டும் மங்கலாகத் தெரிந்தால் போதும். முன்னும் பின்னும் நான்கு நான்கு ஓவியங்களைத் திறந்து வைத்தால் கோடுகளின் புதருக்குள் எது எந்த மூக்கு என்றே தெரியாமல் போகும். முந்தையது சிவப்பு, அடுத்தது பச்சை என்று நிறம் பிரித்து, ஒளிபுகா அளவை 30 சதவீதம் அருகே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அடர்த்தியானால் புதுக் கோட்டுக்கும் பழைய கோட்டுக்கும் வேறுபாடு போய், கை தானாகப் பழையதையே தடவத் தொடங்கும்.

மங்கல் உருவமே தெரியவில்லை என்றால் முதலில் இரண்டு காரணங்களைப் பாருங்கள். கிரிட்டாவில் ஒவ்வொரு லேயருக்கும் டைம்லைனில் விளக்கு போன்ற சின்னத்தை அழுத்தினால்தான் ஆனியன் ஸ்கின் வேலை செய்யும். அதே லேயரில் வெள்ளை நிரப்பியிருந்தால், அந்த வெள்ளை அடியில் உள்ள மங்கல் உருவங்களை மறைத்துவிடும். தாளின் வெள்ளைக்குத் தனி லேயர் வேண்டும்.

மூன்றாவது காரணம் சற்றுச் சூட்சுமமானது. 'ஒன்று பின்னால்' என்று நாம் அமைத்ததை மென்பொருள் எப்படி எண்ணுகிறது? சிலவற்றில் ஒரு ஃப்ரேம் பின்னால், சிலவற்றில் ஓர் ஓவியம் பின்னால். உங்கள் மென்பொருளில் எது என்று அறிய எளிய சோதனை உண்டு. மூன்று ஓவியங்களை நான்கு நான்கு ஃப்ரேம் நிறுத்தி வையுங்கள். ஒன்று பின்னால் மட்டும் காட்டச் சொல்லி, இரண்டாவது ஓவியத்தின் மூன்றாம் ஃப்ரேமில் நில்லுங்கள். முதல் ஓவியம் மங்கலாகத் தெரிந்தால் அது ஓவியத்தை எண்ணுகிறது. ஒன்றும் தெரியவில்லை என்றால் ஃப்ரேமை எண்ணுகிறது. முந்தைய ஃப்ரேமிலும் அதே ஓவியமே இருப்பதால் அது தன்மேலேயே ஒளிந்துகொண்டிருக்கிறது. அப்படியானால் எப்போதும் ஓவியம் தொடங்கும் முதல் ஃப்ரேமில் நின்று வரைய வேண்டும், அடுத்த ஓவியத்தைக் காண முன்னால் காட்டும் எண்ணிக்கையைத் தாளைப் பார்த்து வைக்க வேண்டும்.

இனி 5-ஆம் ஓவியம். 3-இல் முகம் இடப்பக்கம் குனிந்திருக்கிறது, 7-இல் வலப்பக்கம் நிமிர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கோட்டுக்குக் கோடு பாதியில் இழுத்தால் முகம் சுருங்கிவிடும், மூக்கு நேர்கோட்டில் வழுக்கிப் போகும். கழுத்தில் சுழலும் தலை நேர்கோட்டில் போகாது. நுனிகள் வில்லாக வளைந்துதான் போகும். அதனால் 5-இல் மூக்கு நுனியை இரண்டையும் இணைக்கும் கோட்டுக்குக் கீழே வைத்து, மண்டையின் அளவு 3-இல் இருந்ததேதானா என்று தனியாகச் சரிபாருங்கள். ஆனியன் ஸ்கின்னின் பெரிய ஏமாற்று இங்கேதான் இருக்கிறது: நடுவில் தெரியும் காலி இடத்தை நிரப்பச் சொல்லி அது கையை இழுக்கும். உருவம் அந்த இடத்தில் இருக்க வேண்டியதே இல்லை என்றாலும்.

இரண்டு கீக்களும் வெகுதூரம் விலகி இருந்தால் மங்கல் உருவங்களை நகர்த்தி ஒன்றன்மேல் ஒன்று வைத்து வரையலாம். காகிதத்தில் வரையும்போது, தாளைப் பிடித்திருக்கும் பெக் முளைகளிலிருந்து அதை எடுத்து நகர்த்தி வைப்பார்கள். ஓப்பன்டூன்ஸில் அதற்கு `Shift and Trace` என்ற வசதி உண்டு. உருவத்தை அப்படி வரைந்த பிறகு, அது வளைவில் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே வைத்துச் சரிபார்ப்பது மறக்கக்கூடாத வேலை.

இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுவது

தனி லேயர் ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு தலை ஓவியத்திலும் மூக்கு நுனி இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். 1920 பிக்சல் அகலப் படத்தில், 3-இலிருந்து 7 வரை வளைவின் வழியே 240 பிக்சல் என்று கொள்வோம். இடையில் மூன்று ஓவியங்கள், ஆக நான்கு இடைவெளிகள்.

புதிதாக வரைபவர் இதை 60, 60, 60, 60 என்று சமமாகப் பிரிப்பார். ஆனியன் ஸ்கின்னில் பார்க்க அழகாக இருக்கும். இப்போது தாளைப் பக்கத்தில் வையுங்கள். 3 நான்கு ஃப்ரேம் நிற்கிறது, 4 இரண்டு, 5 ஒன்று, 6 ஒன்று. ஓர் இடைவெளியின் தூரத்தை, அதற்கு முந்தைய ஓவியம் நின்ற ஃப்ரேம்களால் வகுத்தால் ஒரு ஃப்ரேமுக்கான வேகம் கிடைக்கும்: 15, 30, 60, 60. வேகம் ஏறிக்கொண்டே போய், உச்ச வேகத்தில் 7-இல் சுவரில் மோதியதுபோல் நின்றுவிடுகிறது. சமமான இடைவெளி சமமான வேகம் அல்ல என்பது இப்படித்தான் தெரியவரும். டூஸிலிருந்து ஒரு ஃப்ரேமுக்கு ஓர் ஓவியமான ஒன்ஸுக்கு மாறும் இடத்தில், தூரம் அப்படியே இருந்தால் வேகம் இரட்டிப்பாகிவிடும்.

இதற்குப் பதில் 24, 80, 92, 44 என்று பிரித்தால் கூட்டுத்தொகை அதே 240. வேகம் 6, 40, 92, 44. மெதுவாகக் கிளம்பி, நடுவில் பாய்ந்து, இறங்கி வருகிறது. அதன்பின் 7-இலிருந்து 8-க்கு 14 பிக்சல், 8-இலிருந்து 9-க்கு 6 பிக்சல் பின்னோக்கி வந்து அடங்குகிறது. பிக்சலை அளந்துகொண்டு வரைய வேண்டியதில்லை. 3-ஆம் ஓவியத்தின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, ஒரு முனையில் 3, மறுமுனையில் 7 என்று எழுதி, 4-ஐ 3-க்கு மிக அருகிலும், 5-ஐ நடுவுக்குச் சற்று முன்னாலும், 6-ஐ ஐந்தில் நான்கு பங்கு தாண்டியும் குறித்தால் போதும். டைமிங் சார்ட் என்று சொல்வது இதைத்தான். வேறொருவர் இடை ஓவியம் வரைவதாக இருந்தால் இந்தக் கோடு இல்லாமல் கொடுக்கவே கூடாது.

92 பிக்சல் பாய்ச்சல் அதிகமா? தலையின் அகலம் 300 பிக்சல் என்றால் அடுத்தடுத்த இரு தலைகளும் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன, கண் அதை ஒரே பொருளாகப் பின்தொடரும். மூக்குத்தியோ தொங்கும் காதணியோ இருந்தால் கதை வேறு. சிறிய பொருள் தன் அகலத்தைவிடப் பல மடங்கு தாவும்போது இரண்டு இரண்டாகத் தெரியும். 5-லும் 6-லும் காதணியை வளைவின் திசையில் நீட்டி இழுத்து வரைவதுதான் வழி.

தாளைக் குறுக்கே படிப்பது

உடல் பத்தியில் தோள் தலைக்கு இரண்டு ஃப்ரேம் பின்னால் கிளம்புகிறது. உடல் 1 என்பது 1 முதல் 24 வரை, 2 என்பது 25–26, 3 என்பது 27–28, 4 என்பது 29 முதல் கடைசி வரை. எல்லாம் ஒரே ஃப்ரேமில் கிளம்பினால் மரப்பொம்மை ஆகிவிடும்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஆனியன் ஸ்கின் ஒரு லேயரின் முன்பின் ஓவியங்களைக் காட்டும். எந்தத் தலையோடு எந்த உடல் வருகிறது என்று காட்டாது. அதற்குத் தாளைக் குறுக்கே படிக்க வேண்டும். 25-ஆம் வரியில் தலை 5, உடல் 2. 26-இல் தலை 6, அதே உடல் 2. ஆக உடல் 2-இன் கழுத்து, வளைவின் அடியில் இருக்கும் தலை 5-க்கும் பொருந்த வேண்டும், ஏறிவரும் தலை 6-க்கும் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் ஒரே ஒரு ஃப்ரேமுக்குக் கழுத்தில் வெள்ளைக் கீற்று மின்னும். ஓடும்போது "ஏதோ துடிக்கிறது" என்று மட்டும் தோன்றும், என்னவென்று பிடிபடாது. எளிய தீர்வு கழுத்தைத் தலை லேயரில் சேர்த்து, சட்டைக் கழுத்துக்குள் நன்றாக இறங்கும்படி நீட்டி வரைவது.

கேமரா பத்தியில் பேனிங் இருந்தால் இந்தக் குறுக்கு வாசிப்பு இன்னும் அவசியம். பின்னணி ஒவ்வொரு ஃப்ரேமும் நகர, அதன்மேல் நடப்பவர் டூஸில் நகர்ந்தால் கால் தரையில் வழுக்கி நடுங்கும். அங்கே ஓவியங்களை ஒன்ஸில் வைப்பதே வழக்கமான வழி. நம் ஷாட்டில் கேமரா அசையவில்லை.

வாய்

தமிழ் வசனத்துக்கு வாய் அமைக்கும்போது இரட்டை மெய்தான் முக்கியம். "அம்மா"வில் உதடு மூடியிருக்கும் நேரம் 'அ'வைவிட நீளம். அதற்கு இரண்டே ஃப்ரேம் கொடுத்தால் "அமா" என்று படிப்பதுபோல் இருக்கும்.

உதடு அசைவை ஒலிக்கு இரண்டு ஃப்ரேம் முன்னால் தொடங்கலாம். வாய் 1 (மூடியது) 34 வரை; 2 ('அ', பாதி திறந்தது) 35–37; 3 (அழுத்தி மூடிய உதடு) 38–42; 4 (முழுதாகத் திறந்தது) 43–46; 5 (சற்றுச் சிறியது) 47–58; 6 (மூடும் வழி) 59–60; பிறகு மீண்டும் 1. ஒலி 56-லேயே முடிகிறது, வாய் 58 வரை திறந்திருக்கிறது. தொடக்கத்தில் முந்துவது உறுத்தாது. முடிவிலும் முந்தி மூடினால், மூடிய வாயிலிருந்து குரல் வருவதுபோல் ஆகும். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கும் முகம் என்பதால் இங்கே கொஞ்சம் திறந்திருப்பதே பொருத்தம். இரண்டு ஃப்ரேம் முந்துவது அதிகமாகப் பட்டால் வாய்ப் பத்தியை மட்டும் ஒரு ஃப்ரேம் கீழே தள்ளிப் பாருங்கள்.

31-லிருந்து தலை அசையாமல் நிற்பது நீளமானது. வாய் அசையும்வரை உயிர் இருக்கும், 61-க்குப் பிறகு படம் உறைந்ததுபோல் தெரியும். அங்கே ஒரு கண் சிமிட்டல் போதும்: 63-இல் பாதி மூடிய தலை 10, 64–65-இல் முழுதாக மூடிய 11, 66–67-இல் மறுபடி 10, 68 முதல் 72 வரை 9. மூடுவது ஒரு ஃப்ரேம், திறப்பது இரண்டு. திருப்பிப் போட்டால் தூக்கக் கலக்கம் வந்துவிடும்.

திருத்தும்போது

எல்லாம் வரைந்து ஓட்டியபின் சரியில்லை என்று தோன்றினால், அழிப்பானை எடுக்குமுன் அந்தக் குறை எந்தப் பக்கம் என்று பாருங்கள். அசைவின் வடிவம் சரியாக இருந்து, அவசரமாகவோ மந்தமாகவோ மட்டும் தெரிந்தால் குறை தாளில். ஓரிடத்தில் மட்டும் வெட்டினால், அந்த ஃப்ரேமுக்குப் போய் ஆனியன் ஸ்கின்னைத் திறந்து புள்ளிகளைப் பாருங்கள். ஒரு புள்ளி வளைவிலிருந்து விலகியிருக்கும், அல்லது இடைவெளி பெரிது, சிறிது, பெரிது என்று தாறுமாறாக இருக்கும். உருவமே வீங்கிச் சுருங்கினால் தாளைத் தொட வேண்டாம், அது வரைதலின் குறை.

முன்னசைவு போதவில்லை என்று 3-ஐ நான்கிலிருந்து ஆறு ஃப்ரேமாக நீட்டுவதாக வைத்துக்கொள்வோம். தலைப் பத்தியில் மட்டும் இரண்டு ஃப்ரேம் நுழைத்தால், தோள் இரண்டு ஃப்ரேம் பின்னால் வருவதற்குப் பதில் தலையோடு ஒரே ஃப்ரேமில் கிளம்பிவிடும். 23-ஆம் வரிக்கு மேலே, தலை, உடல், வாய் மூன்றிலும் சேர்த்து நுழைக்க வேண்டும். பாத்திர ஓசை 13-இல் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வசனத்தின் ஒலிக்கோப்பு தனியாக நிற்கும். அதை 37-லிருந்து 39-க்கு நகர்த்த வேண்டும். ஷாட் இப்போது 74 ஃப்ரேம். எடிட்டர் 72-தான் கொடுத்திருக்கிறார் என்றால், கண் சிமிட்டலுக்குப் பின் 68 முதல் 72 வரை நின்ற 9-ஆம் ஓவியம் இப்போது 70 முதல் 74 வரை போகிறது. அதில் கடைசி இரண்டை வெட்டி மூன்று ஃப்ரேமோடு முடிக்கலாம்.